வார்டுக்குப் போகும் சாண்ட்விச்

பிரிட்டனில் உணவு தயாரிக்கும் வேலைக்கு வருபவர்கள் எழுதும் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வில் ஒரு கேள்வி அடிக்கடி வரும்: கெட்டுப்போன உணவால் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள் யார்? சிறு குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே நோயுற்றவர்கள் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் இந்தப் பட்டியலை ஒப்பிக்கத் தெரிந்த சமையல்காரருக்கு, முதியோர் இல்லத்திலும் பள்ளியிலும் மருத்துவமனை வார்டிலும் வேலையை எப்படி மாற்றிச் செய்வது என்பது தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கேள்வியின் உயிர் அந்த இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது.

ஆரோக்கியமான ஒருவர் உண்ணும் உணவில் கொஞ்சம் கிருமி இருந்தால், வயிற்று அமிலமும் நோய் எதிர்ப்புச் சக்தியும் பெரும்பாலும் அதைச் சமாளித்துவிடும். வயதாகும்போது இந்த எதிர்ப்பு தளர்கிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு முதல் அரண் அங்கேயே பலவீனமாகிறது. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவருக்கு ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் அணுக்களே குறைந்திருக்கும். அதனால் உணவகத்தில் யாருக்கும் ஒன்றும் செய்யாத அதே தட்டு வார்டில் உயிரைப் பறிக்கக்கூடும்.

இதற்குச் சரியான எடுத்துக்காட்டு லிஸ்டீரியா என்ற பாக்டீரியா. பெரும்பாலான கிருமிகளின் வளர்ச்சியைக் குளிர்சாதனப் பெட்டி வெகுவாக அடக்கிவிடும். லிஸ்டீரியா அந்தக் குளிரிலும் மெதுவாகப் பெருகிக்கொண்டேயிருக்கும். உணவின் நிறம் மாறாது, வாடை வராது. சமைத்துக் குளிரவைத்த இறைச்சித் துண்டு, மென்மையான சீஸ், புகையூட்டிய மீன் என்று மறுபடி சூடாக்காமல் சாப்பிடும் பண்டங்கள்தான் அதற்குத் தோதானவை. சாப்பிட்ட பிறகு நோய் வெளிப்படச் சில நாட்களும் ஆகலாம், 70 நாட்கள் வரையிலும் ஆகலாம். இரண்டு மாதத்துக்கு முன்பு என்ன சாப்பிட்டோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? கர்ப்பிணிக்கு லேசான காய்ச்சலாக வந்து போகும் இந்த நோய், வயிற்றிலிருக்கும் குழந்தையைக் கொன்றுவிடுவதும் உண்டு.

2019-இல் இங்கிலாந்தில் மருத்துவமனைகளுக்குப் பொட்டலமாக அனுப்பப்பட்ட சாண்ட்விச்கள் மூலம் லிஸ்டீரியா பரவி 7 பேர் இறந்தார்கள். வேறு நோய்க்காகச் சிகிச்சை பெற வந்து, தட்டில் வந்ததை நம்பிச் சாப்பிட்டவர்கள் அவர்கள். ஐரோப்பிய விதியின்படி, சாப்பிடத் தயாரான பொதுவான உணவுகளில் காலாவதி நாள்வரை ஒரு கிராமுக்கு 100 லிஸ்டீரியா வரை அனுமதி உண்டு. கைக்குழந்தைகளுக்கான உணவிலும் மருத்துவத் தேவைக்கென்றே தயாரிக்கும் உணவிலும் மட்டும் 25 கிராம் மாதிரியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. வார்டில் தரும் சாதாரண சாண்ட்விச் முதல் வகையைச் சேர்ந்தது. தொழிற்சாலை விதியை மீறாமல் அனுப்பிய சாண்ட்விச்சும், வழியில் குளிர் தவறினால், நோயாளிக்கு ஆபத்தாகலாம்.

அதனால் குளிரும் நேரமுமே இங்கே காவல். குளிர்ந்த உணவை 8 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும் என்பது சட்டம். பலவீனமானவர்களுக்கு 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே என்பது நல்ல நடைமுறை. பரிமாறும்போது ஒரே ஒரு முறை, அதிகபட்சம் 4 மணி நேரம் வெளியே இருக்கலாம் என்று சட்டம் விலக்கு தருகிறது.

இந்த விலக்கு வார்டில் எப்படிக் கைநழுவுகிறது என்று பார்க்கலாம். காலை 11.15-க்கு முட்டை சாண்ட்விச் சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தள்ளுவண்டிக்கு ஏறுகிறது. மற்ற வார்டுகளைச் சுற்றி 12.10-க்குக் கட்டிலுக்கு வருகிறது. நோயாளியை அந்த நேரத்தில் ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போயிருக்கிறார்கள். தட்டு பக்கத்து மேசையில், தண்ணீர் ஜாடிக்கும் கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவே மூடியபடி இருக்கிறது. 3.20-க்கு அவர் பசியோடு திரும்புகிறார். தட்டு வந்து 3 மணி நேரம்தானே ஆகிறது என்று நினைத்தால் தவறு. கடிகாரம் 11.15-இல் ஓடத் தொடங்கியது. 4 மணி 5 நிமிடம் ஆகிவிட்டது. அதை எறிந்துவிட்டுப் புதிதாகத் தர வேண்டும். நடுவில் யாராவது நல்லெண்ணத்தில் வார்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தாலும் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்காது. பெருகிய கிருமி குளிர்ந்தால் செத்துவிடுவதில்லை. வெளியே எடுத்த நேரத்தைப் பொட்டலத்திலேயே எழுதி ஒட்டுவது இதற்கு எளிய தீர்வு. வரும் தாதிக்குச் சமையலறையைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை.

பள்ளியில் சிக்கல் வேறு. 2005-இல் தெற்கு வேல்ஸில் 44 பள்ளிகளின் குழந்தைகளிடையே ஈ.கோலை ஓ157 பரவியது. 150-க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். 5 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். இந்தக் கிருமி மிகச் சிறிய அளவில் உள்ளே போனாலே போதும். குழந்தைகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். பள்ளிகளுக்கு இறைச்சி அனுப்பியவரின் கடையில், பச்சை இறைச்சிக்கும் சமைத்த இறைச்சிக்கும் ஒரே வேக்குவம் பேக்கிங் இயந்திரத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். பேராசிரியர் ஹியூ பென்னிங்டன் நடத்திய விசாரணையின் அறிக்கை 2009-இல் வெளியானது. அந்த இயந்திரத்தின் உட்பகுதிகளைக் கழுவித் துடைத்துச் சுத்தமாகிவிட்டது என்று நம்ப முடியாது. பச்சைக்கு ஒன்று, சமைத்ததற்கு ஒன்று என்று இரண்டு இருக்க வேண்டும். பள்ளிச் சமையலறை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், சமைத்த இறைச்சியைச் சூடாக்காமல் அப்படியே பரிமாறினால் கிருமியை நிறுத்த அங்கே வழியே இல்லை. அதனால் பள்ளிக்கு உணவு வாங்குபவர் விலையைக் கேட்பதற்கு முன்னால், எத்தனை இயந்திரம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

முதியோர் இல்லத்தில் பானையின் அளவே ஆபத்தாகிவிடுகிறது. கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநிலையிலும் சாகாது. 10 லிட்டர் இறைச்சிக் குழம்பை அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே வைத்தால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். அங்கே வித்துகள் விழித்துப் பெருகும். குழம்பை அகலமான தட்டுகளில் ஊற்றி, பனிக்கட்டி நீரில் வைத்து, 90 நிமிடத்துக்குள் குளிரவைப்பதே முறை. இளைஞருக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு போகும் இந்த நோய், 85 வயதுக்காரரின் உடலில் நீரை வற்றவைத்து ஆபத்தில் தள்ளிவிடும்.

விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்காக உணவை மிக்ஸியில் கூழாக அரைப்பதும் இங்கே அன்றாட வேலை. நன்றாகச் சமைத்த கோழிக்கறி அரைபடும்போது ஆறிவிடுகிறது. மிக்ஸியின் பிளேடுக்கு அடியிலிருக்கும் ரப்பர் வளையத்தில் நேற்றைய உணவு ஒட்டியிருந்தால் அதுவும் கலந்துவிடுகிறது. அதனால் வளையத்தைக் கழற்றிக் கழுவ வேண்டும். அரைத்த கூழை மறுபடி சூடாக்கி, நடுவில் தெர்மோமீட்டரைக் குத்திப் பார்த்து, 75 டிகிரி காட்டிய பிறகே தட்டுக்கு எடுக்க வேண்டும். பரிமாறும்வரை 63 டிகிரிக்குக் கீழே இறங்க விடக் கூடாது. ஊட்டும்போது மட்டும் நாக்கு சுடாத அளவுக்கு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும்.