‘கணிசமாக’ என்றால் எத்தனை லிட்டர்?

“இயற்கையோடு இணைந்து இயங்க எங்கள் நிறுவனம் உறுதிபூண்டுள்ளது. சுற்றுச்சூழலுக்கு உகந்த தொழில்நுட்பத்தால் நீர்ப் பயன்பாட்டைக் கணிசமாகக் குறைத்துள்ளோம். எங்கள் ஆலையிலிருந்து ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறுவதில்லை. பெருமளவில் பசுமை ஆற்றலுக்கு மாறியுள்ளோம். 2040க்குள் கார்பன் சமநிலையை எட்டுவோம்.”

திருப்பூரில் ஒரு சாய ஆலை வெளியிடும் நிலைத்தன்மை அறிக்கையில் இப்படி ஒரு பத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆலை கற்பனை, கீழே வரும் அதன் கணக்குகளும் விளக்கத்துக்காக எழுதியவை. ஆனால் இந்த நடை கற்பனையல்ல. எந்த நிறுவனத்தின் அறிக்கையைப் புரட்டினாலும் இதன் உறவினர்களைச் சந்திக்கலாம்.

நிறுவனங்கள் இந்த அறிக்கையை விருப்பப்பட்டு எழுதிய காலம் போய்விட்டது. பங்குச்சந்தையில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் நீர், மின்சாரம், கழிவு, உமிழ்வு விவரங்களைத் தர வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியிருக்கிறது. விளம்பரத்தில் ‘பசுமை’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று ஆதாரம் காட்டாமல் எழுதக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பட்டியலில் இல்லாத சிறிய ஆலைகளையும் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் விடுவதில்லை. கணக்கு எங்கே என்று கேட்கிறார்கள்.

சரி, பத்தியைத் திருத்துவோம். முதல் வாக்கியத்தை அப்படியே அடித்துவிடலாம். உறுதிபூண்டதை எந்த மீட்டரும் காட்டாது.

இரண்டாவது வாக்கியத்தில்தான் உண்மையான வேலை இருக்கிறது. ‘கணிசமாக’ என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆலையின் நீர் மீட்டர் பதிவேட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். 2022-23இல் 2,000 டன் துணிக்குச் சாயம் ஏற்ற 1,20,000 கிலோலிட்டர் நீர் செலவாகியிருக்கிறது. 2024-25இல் 88,000 கிலோலிட்டர். குறைவு 27 சதவீதம். எழுதுகிறவர் இந்த எண்ணைப் பார்த்ததும் மகிழ்ந்து ‘கணிசமாக’ இருந்த இடத்தில் ‘27 சதவீதம்’ என்று போட்டுவிட்டால், பத்தி அளவிடத்தக்கதாகிவிடும். உண்மையாகாது.

ஏனென்றால் 2024-25இல் ஆலைக்கு ஆர்டர் குறைவு. சாயம் ஏறியது 1,600 டன் துணிதான். கிலோ துணிக்கு முன்பு 60 லிட்டர் செலவானது, இப்போது 55 லிட்டர் ஆகிறது. புதிய தொழில்நுட்பம் சாதித்தது 8 சதவீதம்தான். பழைய முறையிலேயே 1,600 டன்னுக்குச் சாயம் ஏற்றியிருந்தால் 96,000 கிலோலிட்டர் ஆகியிருக்கும். ஆக, மிச்சமான 32,000 கிலோலிட்டரில் 24,000 கிலோலிட்டர் ஆர்டர் போனதால் மிச்சமானது. முக்கால் பங்குச் சேமிப்புக்குக் காரணம் மந்தமான சந்தை! மொத்த அளவு, உற்பத்தி அலகுக்கான அளவு இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது இதனால்தான். ஒன்றை மட்டும் எழுதினால், எழுதியவர் தனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். உற்பத்தி பெருகிய ஆண்டில் இதே தந்திரம் தலைகீழாக நடக்கும்: அலகுக் கணக்கு அழகாக முன்னால் வரும், மொத்தம் காணாமல் போகும்.

மூன்றாவது வாக்கியம் விசித்திரமானது. அது பொய்யில்லை. நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் சாயக் கழிவு பாழாக்கிய வழக்கில், 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அதன்பின் கழிவுநீரை வெளியே விடாமல் முழுவதும் சுத்திகரித்தால்தான் ஆலை ஓடலாம் என்ற நிலை வந்தது. ஆக, ஒரு சொட்டும் வெளியேறாதது சட்டப்படி செய்தே ஆக வேண்டிய வேலை. சாதனைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. அதைவிட முக்கியமாக, அந்த வாக்கியம் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது. சாயக் கழிவுநீரை ஆர்.ஓ. வழியே அனுப்பி, மிஞ்சும் அடர்நீரை ஆவியாக்கிகளில் காய்ச்சினால் நீர் திரும்பக் கிடைக்கும். அடியில் கலப்பு உப்பு தங்கும். மறுபடி பயன்படாத அந்த உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் சேர்கிறது. நீர் வெளியேறவில்லை, சரி. உப்பு எங்கே?

சொல்லாமல் விட்டதற்கும் விலை உண்டு. காபி காப்ஸ்யூல் விற்கும் அமெரிக்காவின் கியூரிக் நிறுவனம், தன் காப்ஸ்யூல்களை நன்றாக மறுசுழற்சி செய்ய முடியும் என்பதைச் சோதனைகள் உறுதிசெய்ததாக 2019, 2020 ஆண்டறிக்கைகளில் எழுதியது. சோதனை நடந்தது உண்மை. ஆனால் நாட்டின் மிகப்பெரிய மறுசுழற்சி நிறுவனங்களில் இரண்டு, வீட்டுக் குப்பையோடு வரும் அந்தக் காப்ஸ்யூல்களைக் கையாள்வது கட்டுப்படியாகாது, ஏற்கும் எண்ணமில்லை என்று சொல்லியிருந்தன. அறிக்கையில் அது இல்லை. 2024 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 15 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும் நிறுவனம் அதைக் கட்டியது.

நான்காவது வாக்கியத்தில் ஒளிந்திருப்பது ‘ஆற்றல்’. ஆலை ஆண்டுக்கு 50 லட்சம் யூனிட் மின்சாரம் எரிக்கிறது. 18 லட்சம் யூனிட் சொந்தக் காற்றாலையிலிருந்து வருகிறது. மின்சாரத்தில் 36 சதவீதம். ஆனால் சாயத்தொட்டியைச் சூடாக்குவது மின்சாரம் இல்லை, பாய்லரின் நீராவி. அதற்கு ஆண்டுக்கு 2,400 டன் விறகு போகிறது. அந்த வெப்பத்தைக் கணக்கிட்டால் மின்சாரத்தைப்போல் சுமார் இரண்டு மடங்கு. ஆக மொத்த ஆற்றலில் காற்றின் பங்கு 12 சதவீதம்தான். விறகும் மீண்டும் வளர்வதுதானே என்று வாதிடலாம். அப்படியானால் எந்தத் தோட்டத்து மரம், மீண்டும் நடுகிறார்களா என்பதைக் காட்டி, தனியாக எழுத வேண்டும். உமிழ்வுக் கணக்கின் சர்வதேச நெறியும் விறகுப் புகையின் கார்பனைத் தனியாகவே பதியச் சொல்கிறது. காற்றாலை மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றுவிட்டுத் தன் கணக்கிலும் எழுதிக்கொள்ளும் ஆலைகளுக்குத் திருத்தம் எளிது: அந்த வரியை நீக்குவது.

கடைசி வாக்கியம் 2040ஐப் பற்றியது. எந்த உமிழ்வு, எந்த ஆண்டோடு ஒப்பிட்டு, எந்த முதலீட்டில் குறையும் என்ற திட்டம் ஆலையிடம் இல்லை. இல்லாததைத் திருத்தி எழுத முடியாது. நீக்கம்.

இப்போது பத்தி இப்படி ஆகிறது:

“2024-25இல் 1,600 டன் துணிக்குச் சாயம் ஏற்றினோம். கிலோவுக்கு 55 லிட்டர் நீர் செலவானது. 2022-23இல் இது 60 லிட்டர். மொத்தப் பயன்பாடு 1,20,000 கிலோலிட்டரிலிருந்து 88,000 ஆகக் குறைந்தது. இதில் முக்கால் பங்கு உற்பத்திச் சரிவால் நேர்ந்தது. 88,000 கிலோலிட்டரில் 74,000 சுத்திகரித்து மீட்ட நீர், 14,000 வெளியிலிருந்து எடுத்தது. இந்த ஆண்டு 150 டன் கலப்பு உப்பு மிஞ்சியது. இதுவரை சேர்ந்த இருப்பு 600 டன், அகற்ற வழி இன்னும் கிடைக்கவில்லை. மின்சாரத்தில் 36 சதவீதம் சொந்தக் காற்றாலையிலிருந்து வந்தது. மீதி 32 லட்சம் யூனிட்டால் ஏற்பட்ட கார்பன் உமிழ்வு சுமார் 2,300 டன். நீராவிக்கு 2,400 டன் விறகு எரித்தோம்.”

2,300 டன் என்பது குத்துமதிப்பு இல்லை. நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கார்பன் என்பதை மத்திய மின்சார ஆணையம் வெளியிடுகிறது. 2023-24 கணக்கில் ஏறத்தாழ 0.73 கிலோ. பெருக்கிப் பார்த்தால் யாருக்கும் இதே விடைதான் வரும்.

8 சதவீதம் சின்னதாகத் தெரிகிறதே, உப்பு மூட்டையை நாமே ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று முதலாளி கேட்பார். கேள்வி நியாயம்தான். ஆனால் தணிக்கைக்கு வருகிறவர் கொட்டகையையும் பார்ப்பார், மீட்டரையும் பார்ப்பார். துணி வாங்கும் நாடுகளிலும் விதிகள் இறுகுகின்றன. ஈடுகட்டும் கார்பன் வரவை வாங்கிவிட்டு, பொருளைக் ‘கார்பன் சமநிலை’ என்று விற்பதைத் தடைசெய்யும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருகிறது.