எண்ணால் கூப்பிட்டால் யார் வருவார்?

பிரவுசரின் முகவரிப் பெட்டியில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டுகிறோம். அந்தப் பெயருக்குரிய ஐ.பி. எண்ணை டி.என்.எஸ். தேடித் தருகிறது, பிரவுசர் அந்த எண்ணில் இருக்கும் சர்வரோடு பேசுகிறது, பக்கம் வந்துவிடுகிறது. அப்படியானால் பெயரை விட்டுவிட்டு எண்ணையே நேராகத் தட்டினால் அதே பக்கம் வரவேண்டும் அல்லவா? பெரும்பாலும் வராது. வெற்றுப் பக்கம் வரும், எச்சரிக்கை வரும், அல்லது சம்பந்தமே இல்லாத வேறொருவரின் தளம் வந்து நிற்கும்.

ஒரு எண்ணுக்குப் பின்னால் ஒரே தளம்தான் இருக்கும் என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. ஒரு சாதாரண ஹோஸ்டிங் சர்வரில் ஒரே ஐ.பி. எண்ணில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் முன்பு மேனேஜர் அறையில் ஒரே ஒரு தொலைபேசி இருக்கும். எண்ணைச் சுழற்றினால் மணி அடிக்கும், யாரோ எடுப்பார்கள், ஆனால் எந்த அறைக்காரர் வேண்டும் என்று சொன்னால்தான் உங்கள் ஆள் வருவார். சர்வரிடமும் எண் மணியடிக்க மட்டுமே உதவும். ஆளின் பெயரைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பெயரைச் சொல்லும் வழக்கம் வலையின் தொடக்கத்தில் இருக்கவில்லை. ஆரம்பகால எச்.டி.டி.பி.யில் பிரவுசர் கேட்டதெல்லாம் "இந்தக் கோப்பைக் கொடு" என்பது மட்டுமே. எந்தத் தளத்தின் கோப்பு என்று சொல்ல இடமே கிடையாது. அதனால் ஒரு சர்வரில் பத்துத் தளங்கள் வைக்கப் பத்து எண்கள் தேவைப்பட்டன. 1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 இதை மாற்றியது. ஒவ்வொரு கேள்வியோடும் `Host:` என்று ஒரு வரி கட்டாயம் வரவேண்டும், வராவிட்டால் சர்வர் `400 Bad Request` என்று திருப்பி அனுப்ப வேண்டும் என்றது அந்த விதி. இந்த வரியைத்தான் ஹோஸ்ட் ஹெடர் என்கிறார்கள். இன்று ஒரு எண்ணில் பல தளங்கள் குடியிருப்பது இந்த ஒரு வரியால்தான்.

எச்.டி.டி.பி.எஸ். பரவியபோது அதே சிக்கல் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. பாதுகாப்பான இணைப்பில் முதலில் பூட்டுப் போடவேண்டும், அதன் பிறகே பேச்சு. பூட்டுப் போடும்போதே சர்வர் தன் சான்றிதழைக் காட்டவேண்டும். சான்றிதழில் தளத்தின் பெயர் எழுதியிருக்கும். ஆனால் எந்தத் தளம் வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட் வரியோ பூட்டுக்கு உள்ளே, பிறகுதான் வருகிறது. யாருடைய சான்றிதழைக் காட்டுவது என்று சர்வர் எப்படி முடிவு செய்யும்? 2003 ஜூனில் இதற்கு வழி வகுத்தார்கள். இணைப்பின் முதல் செய்தியிலேயே, பூட்டு விழுவதற்கு முன், தேவையான தளத்தின் பெயரைப் பிரவுசர் வெளிப்படையாகச் சொல்லிவிடும். இதுதான் எஸ்.என்.ஐ., அதாவது சர்வர் நேம் இண்டிகேஷன்.

வழி கிடைத்தும் உடனே பயன்படவில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் கடைசிவரை எஸ்.என்.ஐ. கற்றுக்கொள்ளவே இல்லை. அந்த வாடிக்கையாளர்களை இழக்க விரும்பாத தளக்காரர்கள், எச்.டி.டி.பி.எஸ். வேண்டுமானால் தனி ஐ.பி. எண்ணுக்குத் தனிக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய பிறகுதான் அந்தக் கட்டாயம் மெல்லத் தளர்ந்தது.

ஆக, இன்று ஒரு தளத்தைத் திறக்கும்போது பெயர் இரண்டு முறை சொல்லப்படுகிறது. பூட்டுக்கு வெளியே எஸ்.என்.ஐ.யில் ஒருமுறை, சான்றிதழைத் தேர்வதற்கு. பூட்டுக்கு உள்ளே ஹோஸ்ட் ஹெடரில் இன்னொரு முறை, தளத்தைத் தேர்வதற்கு. எண்ணைத் தட்டினால் இந்த இரண்டுமே கெடுகின்றன. ஹோஸ்ட் வரியில் பெயருக்குப் பதில் அந்த எண்ணே போய் உட்காரும். எஸ்.என்.ஐ.யோ வெறுமையாகவே போகும், ஏனென்றால் அந்த இடத்தில் ஐ.பி. எண்ணை எழுதக்கூடாது என்பது விதி.

அப்போது சர்வர் என்ன செய்யும்? யாராவது ஒருவரை அனுப்பும். பெயர் பொருந்தாத கேள்விகளுக்கு யார் பதில் சொல்வது என்று நிர்வாகி குறித்து வைத்திருந்தால் அவர். குறித்து வைக்காவிட்டால், அப்பாச்சியானாலும் என்ஜின்எக்ஸ் ஆனாலும், அமைப்புக் கோப்புகளில் முதலில் படிக்கப்படும் தளம். கோப்புகள் அகரவரிசையில் படிக்கப்படுவது வழக்கம் என்பதால், பெயரின் முதல் எழுத்து ஒரு தளத்தை வாசற்காப்பாளர் ஆக்கிவிடுகிறது. யாரும் திட்டமிட்டுக் கொடுத்த பதவி அல்ல.

இதெல்லாம் கைக்கு வரும் இடம், ஒரு தளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றும் வேளை. ஒரு பள்ளியின் தளம் `school.example`. அது `198.51.100.7` என்ற பழைய எண்ணிலிருந்து `203.0.113.25` என்ற புதிய எண்ணுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். (பெயர்களும் எண்களும் எடுத்துக்காட்டுக்கென்றே உலக அளவில் ஒதுக்கப்பட்டவை.) புதிய சர்வரில் ஏற்கெனவே ஒரு நகைக்கடையின் தளம், `nagai.example`, இருக்கிறது. டி.என்.எஸ்.ஸை மாற்றுவதற்கு முன், புதிய இடத்தில் எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். பெயரைத் தட்டினால் டி.என்.எஸ். பழைய இடத்துக்கே அழைத்துப் போகும். வேறு வழியில்லாமல் எண்ணைத் தட்டுகிறார் பொறுப்பாளர். நகைக்கடை திறக்கிறது.

கொஞ்சம் தெரிந்தவர் அடுத்து `curl` கருவியை எடுப்பார். எண்ணைக் கூப்பிட்டு, ஹோஸ்ட் வரியில் மட்டும் பள்ளியின் பெயரைக் கையால் எழுதுவார்:

```
curl -H "Host: school.example" http://203.0.113.25/
```

சாதாரண எச்.டி.டி.பி.யில் இது சரியாக வேலை செய்யும், பள்ளியின் பக்கம் வரும். அதே கட்டளையில் `https` என்று மாற்றினால், சான்றிதழில் உள்ள பெயர் பொருந்தவில்லை என்று `curl` நின்றுவிடும். ஹோஸ்ட் வரியை மாற்றினாலும் எஸ்.என்.ஐ. இன்னும் வெறுமைதான். சர்வர் நகைக்கடையின் சான்றிதழைக் காட்டியிருக்கிறது. `curl` ஒப்பிட்டுப் பார்ப்பதோ `203.0.113.25` என்ற எண்ணோடு.

இந்த இடத்தில்தான் பலரும் `-k` என்று சேர்த்து, சான்றிதழைப் பார்க்காதே என்று சொல்லிவிடுகிறார்கள். உடனே பள்ளியின் பக்கம் அழகாக வந்துவிடும். நகைக்கடைச் சான்றிதழோடு பூட்டுப் போட்டு, உள்ளே ஹோஸ்ட் வரியைப் படித்து, பள்ளியின் பக்கத்தைக் கொடுத்திருக்கிறது சர்வர். பார்ப்பவருக்கு எல்லாம் சரி. ஆனால் பள்ளிக்கென்று வாங்கிய சான்றிதழ் புதிய சர்வரில் ஏறியிருக்கிறதா, காலாவதியானதா, இடைச் சான்றிதழ் விட்டுப்போயிருக்கிறதா என்பதில் ஒன்றுகூடச் சோதிக்கப்படவில்லை. என்னைக் கேட்டால் சோதிக்காமல் விடுவதைவிட இது மோசம், ஏனென்றால் சோதித்துவிட்டோம் என்ற நம்பிக்கையை அது கொடுத்துவிடுகிறது.

சரியான வழி, பெயரை மாற்றாமல் எண்ணை மட்டும் மாற்றுவது. பெயரையே கூப்பிடு, ஆனால் அந்தப் பெயருக்கு டி.என்.எஸ்.ஸைக் கேட்காதே, நான் சொல்லும் எண்ணுக்குப் போ என்று சொல்லவேண்டும்:

```
curl -I --resolve school.example:443:203.0.113.25 https://school.example/
```

இப்போது எஸ்.என்.ஐ., ஹோஸ்ட் ஹெடர், சான்றிதழ் ஒப்பீடு மூன்றிலும் பள்ளியின் பெயரே போகிறது. நாளை பெற்றோர் ஒருவர் தளத்தைத் திறக்கும்போது நடக்கப்போவது இன்றே நடக்கிறது. பிரவுசரிலேயே பார்க்கவேண்டுமானால் தன் கணினியின் `hosts` கோப்பில் எண்ணையும் பெயரையும் ஒரு வரியாக எழுதிவைக்கலாம். லினக்ஸில் அது `/etc/hosts`. வேலை முடிந்ததும் அந்த வரியை நீக்க மறந்தால், பல மாதம் கழித்துச் சர்வர் மறுபடி மாறும்போது உலகத்துக்கெல்லாம் தெரியும் தளம் உங்கள் கணினியில் மட்டும் தெரியாது.

இன்னொரு பொறி வேர்ட்பிரஸ் தளங்களில் இருக்கிறது. தன் அதிகாரபூர்வமான பெயர் எது என்று வேர்ட்பிரஸ் குறித்து வைத்திருக்கும். வேறு பெயரிலோ எண்ணிலோ கூப்பிட்டால், "என் பெயர் இது, இங்கே வா" என்று பிரவுசரைத் திருப்பிவிடும். இப்போது அந்தப் புதிய சர்வரில் பள்ளியின் தளம்தான் முதலாவது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைத் தட்டுகிறீர்கள், சர்வர் `https://school.example/` என்று திருப்பிவிடுகிறது, பிரவுசர் டி.என்.எஸ்.ஸைக் கேட்கிறது, டி.என்.எஸ். பழைய எண்ணைக் கொடுக்கிறது. திரையில் தெரியும் பள்ளித் தளம் பழைய சர்வரிலிருந்து வந்தது! பக்கத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. `curl -I` கொடுத்துப் பதிலில் `Location:` வரி இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வாசற்காப்பாளர் பிரச்சினை இடமாற்றத்தோடு முடிவதில்லை. பள்ளித் தளத்தை `http`க்கு மட்டும் அமைத்துவிட்டு `https`க்கு அமைக்க மறந்தால், பள்ளியின் பெயரைச் சரியாகத் தட்டியவருக்கும் நகைக்கடைச் சான்றிதழே காட்டப்படும். பிரவுசர் எச்சரிக்கும். எச்சரிக்கையைத் தாண்டிப் போனால் நகைக்கடை திறக்கும். தளத்தை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று அலறவைக்கும் காட்சி இது. உண்மையில் அமைப்புக் கோப்பில் சில வரிகள் இல்லை, அவ்வளவுதான். இதற்கு மருந்து, தெரியாத பெயருக்குப் பதிலே சொல்லாத ஒரு காவலை வாசலில் நிறுத்துவது. என்ஜின்எக்ஸில் 1.19.4 பதிப்பிலிருந்து இது எளிது:

```
server {
    listen 443 ssl default_server;
    ssl_reject_handshake on;
}
```

பெயர் சொல்லாமல் வருபவருக்கும் தெரியாத பெயரைச் சொல்பவருக்கும் சான்றிதழே காட்டாமல் இணைப்பு முறிந்துவிடும். இணையத்தின் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்களுக்கும், இந்த எண்ணில் யார் குடியிருக்கிறார்கள் என்ற தகவல் சான்றிதழ் வழியாகக் கிடைக்காது.

எண்ணால் கூப்பிட்டாலும் ஒழுங்காகத் திறக்கும் தளங்கள் உண்டு. `https://1.1.1.1` என்று தட்டிப் பாருங்கள். அந்தச் சான்றிதழில் பெயரோடு எண்ணும் எழுதப்பட்டிருப்பதால் எச்சரிக்கை வருவதில்லை. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டும் 2025-ல் எண்களுக்குச் சான்றிதழ் தரத் தொடங்கியது. ஆயுள் ஏறக்குறைய ஆறு நாள்தான்.

எஸ்.என்.ஐ. பூட்டுக்கு வெளியே போவதால் நீங்கள் எந்தத் தளத்தைக் கூப்பிடுகிறீர்கள் என்பதை இடையில் இருப்பவர்கள் படிக்க முடியும். 2019 பிப்ரவரியில் தென்கொரியா இதைப் பார்த்தே தளங்களைத் தடுக்கத் தொடங்கியது. அந்தப் பெயரையும் மறைக்கும் ஈ.சி.எச். என்ற முறை இப்போதைய குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் இருக்கிறது. தளத்தின் பக்கமும் அதை ஏற்றுக்கொண்டால்தான் பலன் கிடைக்கும்.

உங்கள் கடைக்கோ பள்ளிக்கோ தளம் வைத்திருந்து, அதை வேறு சர்வருக்கு மாற்றும் வேலையை ஒருவரிடம் ஒப்படைத்திருந்தால், புதிய எண்ணில் தளம் திறக்கும் படத்தை அவர் அனுப்பியதும் திருப்தியடைய வேண்டாம். `--resolve` கொடுத்து, `-k` இல்லாமல், எடுத்த வெளியீட்டைக் கேளுங்கள். அதைப் பார்த்த பிறகு டி.என்.எஸ்.ஸை மாற்றச் சொல்லுங்கள்.