எல்லாக் கட்டுரையையும் சோதிப்பதா, ஐயம் வந்ததை மட்டுமா?

டர்னிடின் போன்ற மென்பொருள், மாணவரின் கட்டுரை பிற எழுத்துகளோடு எத்தனை விழுக்காடு ஒத்துப்போகிறது என்றுதான் காட்டும்; அது திருட்டா என்று தீர்ப்பதில்லை. மேற்கோளும் நூற்பட்டியலும்கூட அந்தக் கணக்கில் சேரலாம். எனவே அறிக்கையை ஆசிரியர் படித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். 300 கட்டுரைகளில் 60 அறிக்கைகளைப் பத்து நிமிடம் வீதம் பார்த்தாலே 10 மணி நேரம் போய்விடும்.

ஐயம் வந்ததை மட்டும் சோதித்தால் சுமை குறையும். ஆனால் சுமாராக எழுதும் மாணவர் திடீரென நன்றாக எழுதினால்தான் பெரும்பாலும் ஐயம் எழுகிறது. எப்போதும் சரளமாக எழுதுபவர் நகலெடுத்தால் தப்பிவிடுகிறார். இந்த அநீதி பணிச்சுமையைவிடப் பெரியது. எல்லாவற்றையும் சோதித்து, ஒரே மூலத்தோடு தொடர்ந்து பல வரிகள் ஒத்திருப்பவற்றை மட்டும் ஆசிரியர் படிப்பதே மேல். ஆனால் பிறர் புதிதாக எழுதிக்கொடுத்த கட்டுரை இத்தகைய ஒப்பீட்டில் பொதுவாகச் சிக்காது. அங்கே மாணவரின் நடையை அறிந்த ஆசிரியரின் ஐயமே உதவும்.