ஒலியிலிருந்து ஏட்டிற்கு

ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவிலுள்ள பண்டாரவன்னியன் நினைவுக்கல்லைக் காண மாணவர் சிலருடன் அண்மையிற் சென்றிருந்தேன். வழிகாட்டிய பெரியவரின் உரையை மாணவர் கைபேசியிற் பதிந்தனர். நாற்பது நிமிட உரையை, வருவோர் கையிற் கொண்டுசெல்லத்தக்க ஒரு பக்கக் குறிப்பாக்குமாறு பணித்தேன். ஒரு மாணவன் எழுதி வந்த முதல் வாக்கியம் இது: “1803 ஒக்டோபர் 31இல் மன்னன் இவ்விடத்தில் உயிர்நீத்தான்.”

ஒலிப்பதிவை மீண்டும் கேட்டோம். பெரியவர் கூறியன இரண்டு. கல்லிலுள்ளதைப் படித்து, கப்டன் வொன் டிரிபேர்க் அன்று பண்டாரவன்னியனை இவ்விடத்திற் தோற்கடித்தார் என்றார். பின்னர்க் குரல் தாழ்த்தி, “இஞ்சைதான் செத்தவர் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம்” என்றார். முன்னது கல்லின் கூற்று. பின்னது ஊரார் வழக்கு. அவ்விரண்டையும் மாணவன் ஒன்றாக்கிவிட்டான். தோல்வி வேறு, இறப்பு வேறன்றோ? அவன் அன்றே மாண்டான் என்பாரும், தப்பிச் சென்று 1811இல் மறைந்தான் என்பாரும் உளர்.

சுருக்குவோர் முதலில் இழப்பது “என்பர்”, “சொல்லுவினம்” போன்ற சொற்களையே. இடத்தை மிச்சப்படுத்த அவற்றை நீக்கினால், செவிவழிச் செய்தி சரித்திரமாகிவிடும். ஆகவே பதிவைக் கேட்கையில் ஒவ்வொரு செய்திக்கும் எதிரே நிமிடத்தையும், அது கண்டதா, கல்லிற் படித்ததா, கேட்டதா என்பதையும் குறிக்கச் செய்தேன். ஐயம் எழுந்தால் அந்நிமிடத்திற்கே திரும்பலாம்.

இன்னும் இரு இடர்கள் தோன்றின. “அதோ”, “உந்தப் பக்கம்” என்று பெரியவர் கையாற் காட்டியவை ஏட்டிற் பொருளற்றுப் போயின. கல்லின் முன்நின்று, வீதி எத்திசையில் உள்ளதென அறிந்து திருத்தினோம். பேச்சிற் “கச்சிலமடு” என ஒலித்த பெயரை ஒருவன் அவ்வாறே எழுதினான். ஊர்ப்பெயரை வீதிப் பலகையோடு ஒப்பிடாமல் எழுதலாகாது.

முடிவில் அமைந்த பகுதி இது:

“1803 ஓகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிரிபேர்க் அவனை இவ்விடத்திற் தோற்கடித்தார் என்கிறது கல். அவன் இங்கேயே இறந்தான் என்பர் ஊரார். பின்னரும் வாழ்ந்தான் என்பாரும் உளர்.”

அடியில் உரை பதிந்த நாளையும் இட்டோம். கல்லின் நிலையும் வழியும் மாறக்கூடியன. பின்பு பெரியவரிடம் வாசித்துக் காட்டினோம். “நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறியள்” என்றார். முதற் படியை வாசித்திருப்பின், அவர் அவ்வாறு கூறியிரார்.