இரண்டு ரோஸ்டர், ஒரே காலண்டர்

மெல்பர்னில் படிக்கும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். சூப்பர் மார்க்கெட்டில் செவ்வாயும் வியாழனும் மாலை 5 முதல் 9 வரை, சனிக்கிழமை காலை 8 முதல் 2 வரை வேலை. வாரம் 14 மணி நேரம், மாறாது. இன்னொரு வேலை ஓட்டலில். அங்கே நிலையான நேரம் கிடையாது. "தம்பி, நாளைக்கு வர முடியுமா?" என்று முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் கேட்பார்கள்.

சூப்பர் மார்க்கெட்டின் ரோஸ்டர் செயலிக்கு ஓட்டலைப் பற்றித் தெரியாது. அதனால் இரண்டையும் தன் போனில் ஒரே காலண்டரில், இரண்டு நிறங்களில் குறித்துக்கொள்ள வேண்டும். மாறாத வேலையை முதலில் பதிந்துவிட்டால், ஓட்டலுக்கு எது மிச்சம் என்று பார்த்தவுடன் தெரியும். கேட்டு இன்னும் உறுதியாகாத ஷிப்டையும் கேள்விக்குறியோடு போட்டுவைப்பது நல்லது. அந்த இடத்தை மறந்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

பலர் ஷிப்டின் நேரத்தை மட்டும் எழுதுகிறார்கள். சனிக்கிழமை 2 மணிக்கு ஒன்று முடிகிறது, 3 மணிக்கு ஓட்டல் தொடங்குகிறது. காலண்டரில் மோதலே இல்லை. ஆனால் இடையில் ரயிலும் நடையுமாக 45 நிமிடம். கடையில் "ஒரு அரை மணி இருந்துட்டுப் போ" என்றால் போச்சு. பயணத்தையும் முக்கால் மணி அவகாசத்தையும் சேர்த்தே கட்டம் போட்டால், ஓட்டலில் 3.30-க்கு வருகிறேன் என்று முன்பே சொல்லியிருப்பார்.

நேரம் மோதாவிட்டாலும் கணக்கு மோதலாம். ஆஸ்திரேலிய மாணவர் விசாவில் வகுப்புகள் நடக்கும் காலத்தில் இரு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2023 ஜூலை 1 முதல் இந்த அளவு. எத்தனை வேலை பார்த்தாலும் மொத்தத்துக்குத்தான் இந்த வரம்பு. இரு வாரம் என்பது எந்தத் திங்கட்கிழமையிலும் தொடங்கும் 14 நாள். இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

நம் மாணவர் முதல் வாரம் 18, இரண்டாம் வாரம் 28, மூன்றாம் வாரம் 24, நான்காம் வாரம் 20 மணி நேரம் உழைத்தார் என்று வைப்போம். முதல் இரண்டு வாரம் 46, அடுத்த இரண்டு 44. சரிதானே? இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து 52. இரண்டாம் வாரம் 28 ஆன உடனே, மூன்றாம் வாரத்துக்கு 20-தான் மிச்சம். கடையின் 14 போக ஓட்டலுக்கு 6. அந்த 6-ஐத் திங்கட்கிழமையே ஓட்டலில் சொல்லிவிடலாம்.

காலண்டரில் போட்ட நேரத்தை இந்தக் கூட்டலில் சேர்க்கக் கூடாது, உழைத்த நேரத்தைத்தான் சேர்க்க வேண்டும். ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் உண்மையான நேரத்தைத் திருத்திவிடுங்கள். சம்பளச் சீட்டு வந்ததும் ஒத்துப்பாருங்கள். ஞாயிறு இரவு 10 முதல் 2 வரை வேலை செய்தால், நள்ளிரவுக்குப் பிந்தைய 2 மணி நேரம் அடுத்த வாரக் கணக்கு.