ஒரே வாணலி, மூன்று வெள்ளைகள்

பனீரும் டோஃபுவும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். காட்டேஜ் சீஸோ பனீரின் ஆங்கிலப் பெயர் என்றே பலரும் நினைக்கிறார்கள். மூன்றையும் சூடான வாணலியில் இட்டால் சாயம் வெளுத்துவிடும்.

கொதிக்கவைத்த பாலை எலுமிச்சைச் சாறால் திரித்து, துணியில் கட்டி, பாரம் வைத்து அழுத்தினால் பனீர். அதில் ஏறக்குறைய பாதி நீர். 100 கிராமில் சுமார் 18 கிராம் புரதம். கொழுப்பும் அதிகம். சூட்டிலும் அமிலத்திலும் இறுகிய புரதம் என்பதால் இது உருகாது, துண்டு துண்டாகவே சிவக்கும். அடுப்பில் அதிக நேரம் விட்டால் ரப்பராகிவிடும். வறுத்ததும் வெந்நீரில் சிறிது நேரம் போட்டுவைத்தால் மென்மை திரும்பும்.

காட்டேஜ் சீஸை யாரும் அழுத்துவதில்லை. அதனால் சுமார் 80 சதவீதம் நீர், புரதம் 11 கிராம்தான். வாணலியில் இட்டால் நீர் விட்டு, வறுபடாமல் வேகும். ஸ்டஃபிங்குக்கோ தோசை மாவில் கலக்கவோ ஏற்றது. அதற்கும் முதலில் நீரை வடிக்க வேண்டும்.

டோஃபு, சோயா பாலைக் கால்சியம் அல்லது மெக்னீசியம் உப்பால் உறையவைத்தது. கெட்டி வகையில் புரதம் 12 முதல் 17 கிராம் வரை. எவ்வளவு அழுத்தப்பட்டது என்பதைப் பொறுத்து மாறும். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் தெறிக்கும், ஒட்டும். துணியில் சுற்றி, மேலே கனமான பாத்திரத்தை வைத்து அரை மணி நேரம் விட்டால் மொறுமொறுப்பாக வறுபடும். உறையவைத்து எடுத்துப் பிழிந்தாலோ உள்ளே துளைகள் விழுந்து குழம்பை இழுத்துக்கொள்ளும்.