ஆய்வு நெறியாளர் பேசியதை வேலைப் பட்டியலாக்குவது எப்படி? ஒரு மணி நேர ஒலிப்பதிவிலிருந்து ஒரு பக்கக் குறிப்பு வரை

திருவனந்தபுரம்: முனைவர் பட்ட மாணவர்கள் நெறியாளருடனான சந்திப்பைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்வது இப்போது சாதாரணமாகிவிட்டது. முன்பெல்லாம் நெறியாளர் வரைவின் ஓரத்தில் பேனாவால் எழுதித் தருவார். அதுவே சான்றாக இருக்கும். இன்று அவர் பேசுகிறார், மாணவர் தலையசைக்கிறார், பேச்சு முழுவதும் கைப்பேசிக்குள் போய்விடுகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்தப் பதிவைத் திரும்பக் கேட்பவர் குறைவு. கேட்டு, என்ன செய்ய வேண்டும் என்று எழுதி, நெறியாளரிடம் காட்டுபவர் அதைவிடக் குறைவு.

இது வெறும் ஒழுங்குப் பழக்கம் அன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் அறிவித்த முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளின்படி, ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு மாணவர் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தோன்றித் தம் பணியின் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும். முன்னேற்றம் திருப்தியாக இல்லையெனில் குழு காரணங்களைப் பதிவு செய்து, திருத்த நடவடிக்கைகளைப் பரிந்துரைக்கும். மாணவர் அவற்றைச் செயல்படுத்தத் தவறினால் பதிவை ரத்து செய்யவும் குழு பரிந்துரைக்கலாம். என்ன சொல்லப்பட்டது, என்ன செய்யப்பட்டது என்பதற்கு எழுத்து வடிவச் சான்று இல்லாத மாணவர் அந்தக் கட்டத்தில் நினைவை மட்டுமே நம்பி நிற்க நேரிடும்.

ஒரு சந்திப்பு, ஆறு பேச்சுகள்

கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகம் போன்ற ஓரிடத்தில் நடைபெறும் சந்திப்பு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். தென் திருவிதாங்கூரின் நில ஆவணங்களில் வழங்கிய தமிழ்ச் சொற்களை ஆராயும் மாணவி, நெறியாளர், உடன் இணை நெறியாளர். பதிவின் நீளம் 52 நிமிடம். அதில் முடிவை நோக்கிய பேச்சு மொத்தம் பத்து நிமிடம்கூட இராது. எஞ்சியவை விளக்கம், பழைய நினைவு, இடையில் வந்த தொலைபேசி அழைப்பு.

நான்காம் நிமிடத்தில் நெறியாளர், "மூணாம் இயல் தேவையில்லன்னு நினைக்கிறேன், எடுத்துறலாம்" என்கிறார். 17ஆம் நிமிடத்தில், "இந்த ஆண்டெல்லாம் எப்படி மாத்தினீங்க? எல்லாத்துக்கும் 825 கூட்டிட்டீங்களா?" என்று கேட்கிறார். மாணவி, "ஆமா சார்" என்கிறார். 26ஆம் நிமிடத்தில் இணை நெறியாளர், "இதை ஒரு கட்டுரையா அனுப்பலாமே" என்கிறார். 31ஆம் நிமிடத்தில் நெறியாளர், "மதிலகம் ஏட்டையும் ஒரு தடவை பாத்தா நல்லாயிருக்கும்" என்றும், அடுத்த மூச்சிலேயே, "காப்பகத்துக்குக் கடிதம் நான் தர்றேன்" என்றும் சொல்கிறார். 44ஆம் நிமிடத்தில், "மூணாம் இயல்ல அந்த அட்டவணை மட்டும் இருக்கட்டும், ரெண்டாம் இயல் கடைசில சேத்துருங்க" என்கிறார். 50ஆம் நிமிடத்தில், "அடுத்த மாசம் பாப்போம்."

சந்திப்பு முடிந்த அன்றிரவு நினைவிலிருந்து எழுதினால் மாணவியின் குறிப்பேட்டில் பெரும்பாலும் இருக்கப்போவது இரண்டே வரிகள்: மூன்றாம் இயலை நீக்க வேண்டும், கட்டுரை அனுப்ப வேண்டும். முன்னது பாதி தவறு. பின்னது நெறியாளர் சொன்னதே இல்லை. மிக முக்கியமான கருத்தோ, கேள்வியின் வடிவில் வந்ததால் பட்டியலிலேயே ஏறவில்லை.

கேள்விக்குள் இருந்த கட்டளை

17ஆம் நிமிடக் கேள்வியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். கொல்லம் ஆண்டு பொ.ஆ. 825இல் தொடங்குகிறது. எனவே கொல்லம் ஆண்டுடன் 825ஐக் கூட்டினால் போதும் எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் அந்த ஆண்டு சிங்க மாதத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. அதனால் ஆவணி முதல் மார்கழியின் நடுப்பகுதி வரையிலான நாட்களுக்கு 824ஐயும், அதற்குப் பிந்தைய மாதங்களுக்கு 825ஐயும் கூட்ட வேண்டும். கொல்லம் 925 ஐப்பசியில் எழுதப்பட்ட ஆவணம் 1749ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 825 கூட்டினால் 1750 என வரும். மார்கழி ஆவணங்களில் நாளையும் பார்த்தாக வேண்டும்.

ஆக, நெறியாளர் கேட்டது தகவலுக்காக அன்று. மாணவியின் அட்டவணையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாதங்களுக்கு ஓராண்டுப் பிழை இருக்கக்கூடும் என்பதே அதன் பொருள். தமிழில் ஆசிரியர்கள் திருத்தத்தைக் கேள்வியாகவே சொல்வது வழக்கம். "இது எங்கிருந்து எடுத்தது?" என்றால் மேற்கோள் விவரம் இல்லை என்று பொருள். "இதை யார் சொன்னது?" என்றால் ஆதாரம் போதவில்லை என்று பொருள். பதிவைக் கேட்கும்போது ஒவ்வொரு கேள்வியையும் நிறுத்தி, இதற்குத் தாம் சொன்ன பதில் நெறியாளருக்குப் போதுமானதாக இருந்ததா என்று பார்ப்பது நல்லது. போதாமல் போன ஒவ்வொரு பதிலும் ஒரு வேலை.

எப்படிக் கேட்பது

முழுப் பதிவையும் எழுத்தாக்கத் தேவையில்லை. ஒரு மணி நேரப் பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுத நான்கைந்து மணி நேரம் ஆகும். எழுதி முடித்தாலும் கிடைப்பது இருபது பக்கப் பேச்சு, வேலைப் பட்டியல் அன்று. இருமுறை கேட்டால் போதும். முதல்முறை நிறுத்தாமல் கேட்டு, கருத்து வரும் இடங்களின் நிமிடத்தை மட்டும் குறிக்க வேண்டும். இரண்டாம் முறை அந்த இடங்களுக்கு மட்டும் சென்று, சொன்னவர் யார், சொன்ன சொற்கள் எவை என்று அப்படியே எழுத வேண்டும். தம் சொற்களில் சுருக்குவது அதற்குப் பிறகுதான். முதலிலேயே சுருக்கினால், "நல்லாயிருக்கும்" என்பது மாணவரின் அச்சத்தைப் பொறுத்துக் கட்டளையாகவும், சோம்பலைப் பொறுத்து ஒன்றுமில்லாததாகவும் மாறிவிடும்.

ஒரே பொருள் இருமுறை வந்தால் பிந்தியதையே முடிவாகக் கொள்ளலாம். ஆனால் முந்தியதையும் அதன் நிமிடத்தோடு அருகில் எழுதிவைக்க வேண்டும். மூன்றாம் இயலைப் பொறுத்தவரை நான்காம் நிமிடத்துக்கும் 44ஆம் நிமிடத்துக்கும் இடையில் நெறியாளரின் எண்ணம் மாறியிருக்கிறது. இயல் போகிறது, அட்டவணை இருக்கிறது. பேசிக்கொண்டே சிந்திப்பவர்களிடம் இது இயல்பு. பதிவின் கடைசிப் பத்து நிமிடத்தைத் தவறவிடும் மாணவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

திருவனந்தபுரத்தில் இன்னொரு சிறு தடையும் உண்டு. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சில், "நோக்காம்" என்ற சொல் அடிக்கடி வரும். 'பார்க்கலாம்' போலவே அதற்கும் பார்ப்பவர் யார் என்பது தெரியாது. நான் பார்க்கிறேன் என்பதா, நீங்கள் பாருங்கள் என்பதா, இப்போதைக்கு விட்டுவிடுவோம் என்பதா என்பது தொனியில்தான் இருக்கிறது. தொனி எழுத்தில் வராது. எனவே அத்தகைய இடங்களை ஐயமாகவே குறிப்பதுதான் நேர்மை.

எழுதிய குறிப்பு

மேற்கண்ட சந்திப்பிலிருந்து மாணவி அனுப்பக்கூடிய குறிப்பு ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

ஏற்கப்பட்டவை: இரண்டாம் இயலின் சொல் வகைப்பாடு (நிமிடம் 11). மாற்றமில்லை.

செய்ய வேண்டியவை: ஆண்டு மாற்ற அட்டவணையில் ஆவணி முதல் மார்கழி வரையிலான ஆவணங்களை 824 கொண்டு மீண்டும் கணக்கிடுதல், மார்கழிக்கு நாள் பார்த்தல் (17). மூன்றாம் இயலை நீக்கி, அதிலுள்ள அட்டவணையை இரண்டாம் இயலின் இறுதியில் சேர்த்தல் (44, முன்பு 4இல் முழுவதும் நீக்கலாம் எனப் பேசப்பட்டது). இரண்டும் 20ஆம் தேதிக்குள்.

நெறியாளர் தருவது: காப்பகத்துக்கான கடிதம் (31).

தெளிவு வேண்டும்: மதிலகம் ஏடுகளைப் பார்ப்பது கட்டாயமா? (31). கட்டுரை அனுப்புவது இணை நெறியாளரின் யோசனை. இப்போதா, ஆய்வேடு முடிந்த பிறகா? (26). அடுத்த சந்திப்பின் தேதி (50).

ஏற்கப்பட்டவற்றை எழுதுவது தற்பெருமைக்காக அன்று. சரி என்று சொல்லப்பட்ட பகுதியை அடுத்த வரைவில் மாணவரே கலைத்துவிடுவது பரவலான தவறு. நெறியாளர் ஒப்புக்கொண்டதை எழுதுவதற்குப் பலர் தயங்குவார்கள். ஆனால் கடிதம் வராமல் காப்பகத்தின் வாசலில் காத்திருக்கப்போவது மாணவிதான்.

ஒவ்வொரு வேலையும் முடிந்ததா இல்லையா என்று இன்னொருவர் பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். 'ஆண்டுகளைச் சரிபார்த்தல்' என்றால் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. 'ஆவணி முதல் மார்கழி வரையிலான ஆவணங்கள்' என்றால் எண்ணிவிடலாம். குறிப்பை அனுப்புமுன் ஏதேனும் மூன்று வரிகளைத் தேர்ந்து, அந்த நிமிடங்களுக்குச் சென்று கேட்டுப் பார்ப்பது போதுமான சோதனை. ஒன்றேனும் பொருந்தவில்லையெனில் முழுவதையும் மறுபடி கேட்க வேண்டியதுதான்.

பதிவு செய்யுமுன் அனுமதி கேட்பதும், குறிப்பு ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகு பதிவை அழித்துவிடுவதும் மரியாதை. அந்த 52 நிமிடத்தில் பிற மாணவர்களைப் பற்றியும், இன்னும் வெளிவராத ஆய்வுகளைப் பற்றியும் பேச்சு வந்திருக்கும். அவை வேறு யார் காதுக்கும் போகத் தேவையில்லை.

குறிப்பை மறுநாளே அனுப்பிவிடுவது நல்லது. நெறியாளருக்கும் அப்போதுதான் பேசியது நினைவிருக்கும். பத்மநாபசுவாமி கோயில் தொடர்பான மதிலகம் ஏடுகள் கேரள மாநில ஆவணக் காப்பகத்தில் கட்டுக்கட்டாக உள்ளன. பழைய எழுத்து வடிவங்களும் அவற்றில் உண்டு. தேடிப் படிப்பதென்றால் மாதக்கணக்கில் ஆகும். நம் எடுத்துக்காட்டு மாணவிக்கு அந்த ஐயத்துக்கு நெறியாளர் ஒரே வரியில் பதில் அனுப்புகிறார்: "கட்டாயமில்லை. முன்னுரையில் ஓர் அடிக்குறிப்பு போதும். ஆண்டு அட்டவணையை முதலில் முடியுங்கள்."